ஓடும் ஜிஃப் படத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது எப்படி: நேரம் குலையாமல் ஃபிரேம்களைத் திருத்தும் முழு வழிகாட்டி

ஒரு ஜிஃப் படத்தில் தெரியும் சொல்லை மாற்ற முயல்பவர்கள் பெரும்பாலும் எழுத்தை அழிப்பதிலும் புதிதாக எழுதுவதிலும்தான் கவனம் செலுத்துகிறார்கள். வேலை கெடுவது அங்கே அல்ல. ஃபிரேம்களைப் பிரிக்கும்போதும் மீண்டும் சேர்க்கும்போதும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேரம் தொலைந்துபோவதால்தான், எழுத்து அழகாக அமைந்த பிறகும் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசையே முக்கியம். ஒரு படியைத் தாண்டிச் சென்றால் பிறகு அதைச் சரிசெய்ய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு படத்தைக் கடைசி வரை பின்தொடர்வோம். அளவு 480x270, மொத்தம் 16 ஃபிரேம்கள். வெளிர்சாம்பல் நிற அட்டை ஒன்று இடப்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து நிற்கிறது. அதன்மேல் "நாளை திறப்பு" என்னும் வரி மெல்லத் தோன்றி, சற்று நேரம் நின்று, மறைகிறது. பிறகு அட்டை வெளியேறுகிறது. அந்த வரியை "இன்று திறப்பு" என்று மாற்ற வேண்டும்.

## 1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

இரண்டு மென்பொருள்கள் போதும். திருத்துவதற்கு ஜிம்ப், அளப்பதற்கும் சுருக்குவதற்கும் கிஃப்சிக்கிள். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. ஜிம்ப் மட்டுமே போதாதா என்று கேட்கலாம்; திருத்த அது போதும், ஆனால் திருத்தியபின் நேரம் மாறாமல் இருக்கிறதா என்று சொல்ல அதற்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

மூலக் கோப்பு உண்மையான ஜிஃப் கோப்பாக இருக்க வேண்டும். பல செய்திச் செயலிகள் ஜிஃப் படத்தை அனுப்பும்போது அதைக் காணொளியாக மாற்றிவிடுகின்றன. அதிலிருந்து திரும்ப உருவாக்கிய ஜிஃப்பில் பழைய நேர அளவுகளும் நிறப்பட்டியலும் இருக்காது. படத்தை முதலில் உருவாக்கியவரிடமிருந்தே கோப்பைப் பெறுவது நல்லது. கிடைத்ததும் ஒரு நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைத்துவிடுங்கள். கடைசிப் படியில் ஒப்பிட அது வேண்டும்.

## 2. நேர அளவுகளை முதலில் எழுதி வைத்தல்

எந்தத் திருத்தத்துக்கும் முன்பு, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

```
gifsicle -I old.gif
```

விடை இப்படித் தொடங்கும்:

```
* old.gif 16 images
  logical screen 480x270
  global color table [128]
  background 0
  loop forever
  + image #0 480x270
    disposal asis delay 0.08s
  + image #1 212x64 at 10,98
    disposal asis delay 0.08s
```

இதில் மூன்று செய்திகள் நமக்கு வேண்டியவை. `delay` என்பது அந்த ஃபிரேம் எவ்வளவு நேரம் திரையில் நிற்கும் என்பதைச் சொல்கிறது. `at` என்பது அந்த ஃபிரேம் முழுப்படம் அல்ல, குறிப்பிட்ட இடத்தில் ஒட்டப்படும் ஒரு துண்டு மட்டுமே என்பதைக் காட்டுகிறது. `disposal asis` என்றால், அடுத்த ஃபிரேம் வரும்போது இந்த ஃபிரேம் அழிக்கப்படாமல் அப்படியே கிடக்கும் என்று பொருள்.

நம் படத்தில் 15 ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் 0.08 நொடி, வரி முழுதாக நிற்கும் ஒரு ஃபிரேம் மட்டும் 1.2 நொடி, ஆக, ஒரு சுற்றுக்கு 2.4 நொடி. இந்தக் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிஃப்சிக்கிள் 0-விலிருந்து எண்ணுகிறது, ஜிம்ப் 1-லிருந்து எண்ணுகிறது. அதாவது கிஃப்சிக்கிளில் `#8` என்று தெரிவது ஜிம்பில் `Frame 9`. தவறான ஃபிரேமில் சொல்லை ஒட்டிவிட்டு, படம் ஏன் ஒரு நொடி துடிக்கிறது என்று தேடுபவர்கள் பலர் இந்த ஒன்றைத்தான் மறந்திருப்பார்கள். இனி இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் ஜிம்பின் எண்களே.

## 3. துண்டுகளை முழு ஃபிரேம்களாக்குதல்

கோப்பை ஜிம்பில் திறந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு லேயராக வரும். அடியில் இருப்பது முதல் ஃபிரேம். லேயரின் பெயரிலேயே அதன் நேரமும் இணையும் முறையும் எழுதப்பட்டிருக்கும்: `Frame 6 (80ms) (combine)` என்பது போல. முதல் ஃபிரேம் மட்டும் `Background` என்ற பெயரில் இருக்கலாம்.

இந்த நிலையில் எதையும் திருத்தக் கூடாது. சுருக்கப்பட்ட ஜிஃப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே வைத்திருக்கும். நம் படத்தில் 9-ஆம் ஃபிரேமைத் தனியே பார்த்தால் 1x1 அளவுள்ள ஒரு புள்ளிதான் தெரியும். 8-ஆம் ஃபிரேமிலிருந்து எதுவுமே மாறாததால் அதற்கு அதற்குமேல் தேவையில்லை. அதைக் குப்பை என்று நினைத்து நீக்கிவிடுவது புதியவர்கள் மிக எளிதாகச் செய்யும் பிழை. அந்தப் புள்ளியின் பெயரில்தான் 1200ms எழுதியிருக்கிறது. அதை நீக்கினால் வரி நின்று படிக்கப்படும் நேரம் முழுவதும் போய்விடும்.

எனவே `Filters > Animation > Unoptimize` என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லா ஃபிரேம்களும் முழு அளவில் உள்ள புதிய படம் ஒன்று திறக்கும். வேலை இனி அதில்தான். பழைய சாளரத்தை மூடிவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். ஆனால் மூடும் முன் அடுத்த படியின் முதல் பாதியைச் செய்துவிடுங்கள்.

## 4. நிறப்பட்டியலைக் காத்து, ஆர்ஜிபி முறைக்கு மாறுதல்

ஜிஃப் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 256 நிறங்களையே தாங்கும். நம் படத்தில் 128 நிறங்கள். பழைய சாளரத்தில் இருக்கும்போதே, `Windows > Dockable Dialogs > Palettes` பலகத்தைத் திறந்து, வலச்சொடுக்கில் வரும் `Import Palette` வழியாகப் படத்தின் நிறப்பட்டியலை ஒரு பெயரிட்டுச் சேமியுங்கள். சில ஜிஃப் கோப்புகளில் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு நிறப்பட்டியல் இருக்கும். அவற்றை ஜிம்ப் நேராக ஆர்ஜிபியாகத் திறக்கும். அப்படியானால் சேமிக்க எதுவுமில்லை, மேலே செல்லலாம்.

பிறகு புதிய சாளரத்தில் `Image > Mode > RGB` என்று மாற்றுங்கள். நிறப்பட்டியல் முறையிலேயே எழுத்தை வைத்தால், அதன் ஓரங்களில் வரவேண்டிய இடைநிறங்கள் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு அண்டை நிறத்துக்குத் தள்ளப்பட்டு, விளிம்பு கடித்தது போல் ஆகிவிடும். வேலை நடக்கும்போது நிறங்களுக்கு இடம் வேண்டும். குறைப்பதைக் கடைசியில் ஒருமுறை செய்தால் போதும்.

## 5. ஃபிரேம்களை வகைப்படுத்துதல்

எல்லா ஃபிரேமையும் ஒரே மாதிரி திருத்த முயல்வது வீண் உழைப்பு. நம் படத்தின் 16 ஃபிரேம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இப்படிப் பிரிகின்றன. 1 முதல் 5 வரை வெறும் அட்டை. 6, 7 ஆகியவற்றில் வரி மங்கலாகத் தோன்றுகிறது. 8, 9 இரண்டிலும் முழுமையாக இருக்கிறது. 10, 11 ஆகியவற்றில் மறைகிறது. 12-இல் மீண்டும் வெறும் அட்டை, ஆனால் அது இன்னும் நகரத் தொடங்கவில்லை. 13 முதல் அட்டை வெளியேறுகிறது.

ஆக, தொட வேண்டியவை ஆறு ஃபிரேம்கள் மட்டுமே. அதைவிடப் பெரிய லாபம் 12-ஆம் ஃபிரேம்: அட்டை அதே இடத்தில், எழுத்தே இல்லாமல் இருக்கிறது. பழைய சொல்லை மறைக்கத் தேவையான சுத்தமான பின்புலம் படத்துக்குள்ளேயே கிடைத்துவிட்டது. இப்படியொரு ஃபிரேம் இருக்கிறதா என்று தேடாமல் தூரிகையைக் கையில் எடுக்கக் கூடாது.

## 6. பழைய சொல்லை நீக்குதல்

12-ஆம் ஃபிரேமில், பழைய வரி இருந்த இடத்தைச் சுற்றி நாலைந்து பிக்சல் கூடுதலாக விட்டுச் செவ்வகமாகத் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். பிறகு 6-ஆம் ஃபிரேமின் லேயரைத் தேர்ந்தெடுத்து `Edit > Paste In Place` கொடுங்கள். துண்டு தன் பழைய ஆயங்களிலேயே வந்து அமரும். கையால் நகர்த்த வேண்டியதில்லை, நகர்த்தவும் கூடாது. ஒட்டியது மிதக்கும் தேர்வாக வந்தால் `Layer > Anchor Layer`, தனி லேயராக வந்தால் `Layer > Merge Down`. இதையே 7 முதல் 11 வரை திரும்பச் செய்யுங்கள்.

ஏன் ஒவ்வொரு ஃபிரேமிலும் தூரிகையால் அழிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு அழிப்பும் குறையின்றித் தெரியும். ஓடவிட்டால், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓரிரு பிக்சல்கள் வேறுபட்டிருப்பதால், அந்த இடம் மட்டும் கொதிக்கும் நீர்ப்பரப்பைப் போலக் குமிழியிடும். அசையாத இடம் எல்லா ஃபிரேமிலும் பிக்சலுக்குப் பிக்சல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே துண்டை ஒட்டுவது மட்டுமே அதற்கு உறுதி.

"நாளை" என்பதை மட்டும் நீக்கி "திறப்பு" என்பதை விட்டுவைக்கலாமே என்று தோன்றும். பழைய எழுத்துரு எதுவென்று திட்டமாகத் தெரிந்து, அது கையிலும் இருந்தால் விட்டுவைக்கலாம். இல்லையென்றால் முழு வரியையும் நீக்கி ஒரே எழுத்துருவில் எழுதுவதே என் வழக்கம். ஒரே வரியில் இரண்டு எழுத்துருக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எதை மாற்றினோம் என்று பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். மேலும், இரு சொற்களின் அகலமும் வேறு என்பதால், வரியை மீண்டும் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். முழு வரியும் நம் கையில் இருந்தால் அது எளிது.

## 7. புதிய சொல்லை வைத்தல்

முதலில், வரி முழுமையாக நிற்கும் 9-ஆம் ஃபிரேமுக்கு நேர் மேலே புதிய வரியை எழுதுங்கள். மூலக் கோப்பின் அதே ஃபிரேமை அருகில் 400 விழுக்காடு பெரிதாக்கி வைத்து, எழுத்து நிற்கும் அடிக்கோடு, எழுத்தின் உயரம், நிறம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். அடிக்கோடு ஒரு பிக்சல் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். அகலம் சற்று வேறுபட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜிம்ப் தமிழ் எழுத்துகளைச் சரியாகவே கோக்கிறது. கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும் வேறு கருவியில் எழுதிக்கொண்டுவந்து ஒட்டுவதைத் தவிருங்கள்.

இந்த ஒரு எழுத்து லேயரே எல்லா ஃபிரேமுக்கும் மூலம். `Layer > Duplicate Layer` கொண்டு நகலெடுத்து, ஒவ்வொரு நகலையும் உரிய ஃபிரேமுக்கு நேர் மேலே இழுத்து வையுங்கள். மீண்டும் மீண்டும் எழுதினால் இடம் பிசகும்.

இனி மங்கலான ஃபிரேம்கள். இங்கே கண் மதிப்பை நம்ப வேண்டாம். மூலப் படத்தின் 6-ஆம் ஃபிரேமில், ஒரு தடித்த எழுத்துக்கோட்டின் நடுவில் நிறமெடுப்பானை வைத்து மதிப்பைப் பாருங்கள். நம் படத்தில் அட்டையின் மதிப்பு 240, முழு எழுத்தின் மதிப்பு 40. 6-ஆம் ஃபிரேமில் கிடைத்தது 180. அட்டையிலிருந்து எழுத்து வரையுள்ள 200-இல் 60 கடந்திருக்கிறது. ஆகவே அந்த ஃபிரேமின் எழுத்து லேயருக்கு ஒளிபுகாமை 30 விழுக்காடு. 7-ஆம் ஃபிரேமில் கிடைத்தது 100. அது 70 விழுக்காடு. மறையும் பக்கத்தில் இதே இரண்டும் தலைகீழாக வருகின்றன: 10-இல் 70, 11-இல் 30.

இந்த எண்ணைத் தொடக்கமாக மட்டுமே கொள்ளுங்கள். ஜிம்பின் இன்றைய இயல்பான லேயர் முறை ஒளியின் உண்மையான அளவை வைத்து நிறங்களைக் கலப்பதால், 30 விழுக்காடு வைத்த எழுத்து 180-க்குப் பதில் 200-ஐத் தாண்டி வெளிறித் தெரியலாம். ஒளிபுகாமையை வைத்தபின், அதற்கு மேலுள்ள லேயர்களின் கண் குறியை அணைத்து, அதே இடத்தில் நிறமெடுப்பானைத் திரும்ப வைத்து, 180 வரும் வரை கூட்டுங்கள். அப்போது `Sample merged` குறியிட்டிருக்க வேண்டும். இல்லையேல் அடியிலுள்ள ஃபிரேமைச் சேர்க்காமல் எழுத்து லேயரின் நிறத்தை மட்டும் காட்டும். இந்த அளவுகள் மூலத்தோடு ஒத்துப்போனால்தான் சொல் தோன்றும் வேகம் பழையபடியே இருக்கும். நேரம் ஒன்றாக இருந்தும் ஓட்டம் கரடாகத் தெரிகிறதென்றால், பெரும்பாலும் காரணம் இந்த மங்கல் அளவுகளே.

## 8. எழுத்தை ஃபிரேமோடு இணைத்தல்

எழுத்து லேயர்களை அப்படியே விட்டு ஏற்றுமதி செய்தால் ஒவ்வொன்றும் தனி ஃபிரேமாகிவிடும். 16 ஃபிரேம் 22 ஆகும். எனவே ஒவ்வொன்றையும் `Layer > Merge Down` கொண்டு அதன் கீழுள்ள ஃபிரேமோடு இணைக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கட்டளை கீழே தெரியும் நிலையில் உள்ள அடுத்த லேயரோடு இணைக்கிறது. அடி ஃபிரேமைப் பார்ப்பதற்காகச் சில லேயர்களின் கண் குறியை நீங்கள் அணைத்திருந்தால், 7-க்கான எழுத்து 7-ஐத் தாண்டி அதற்குக் கீழே கண் திறந்திருக்கும் ஃபிரேமில் போய் ஒட்டிக்கொள்ளும். இணைக்கும் முன் எல்லாக் கண் குறிகளையும் திறந்துவிடுங்கள்.

இணைத்தபின் லேயரின் பெயரைப் படியுங்கள். `Frame 9 (1200ms) (replace)` என்பது போன்ற பெயர் அப்படியே இருக்க வேண்டும். பெயரில் நேரம் இல்லையென்றால், இரட்டைச் சொடுக்கிட்டு நீங்கள் எழுதிவைத்த அளவை அடைப்புக்குறியோடு தட்டச்சு செய்யுங்கள். ஜிம்புக்கு நேரம் என்பது இந்தப் பெயர் மட்டுமே. வேறெங்கும் அது சேமிக்கப்படுவதில்லை.

புதிய வரி பழையதைவிட நீளமாக இருந்து, படிக்கக் கூடுதல் நேரம் தேவைப்பட்டால், 9-ஆம் ஃபிரேமின் 1200ms-ஐ மட்டும் உயர்த்துங்கள். மற்ற ஃபிரேம்களில் நேரத்தைக் கூட்டினால் அசைவு தளரும். ஜிஃப் நேரத்தை நூறில் ஒரு நொடியாகவே எழுதுகிறது என்பதால் 10ms-இன் மடங்குகளையே கொடுங்கள். 0 அல்லது 10ms கொடுத்தால் வேகமாக ஓடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான உலாவிகள் அந்த அளவுகளை 100ms ஆக எடுத்துக்கொள்வதால், படம் முன்பைவிட மெதுவாகிவிடும்.

## 9. நிறங்களைக் குறைத்து ஏற்றுமதி செய்தல்

`Image > Mode > Indexed` சென்று, 4-ஆம் படியில் சேமித்த நிறப்பட்டியலை `Use custom palette` வழியாகத் தேர்ந்தெடுங்கள். புதிய எழுத்துக்கும் பழைய எழுத்தின் நிறமே என்பதால், தேவையான இடைநிறங்கள் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே உள்ளன. வேறு நிறத்தில் எழுதியிருந்தாலோ, சேமித்த பட்டியல் இல்லாவிட்டாலோ `Generate optimum palette` போதும்.

நிறப்புள்ளித் தூவலை, அதாவது `Color dithering` என்பதை, `None` என்று வையுங்கள். மூலத்தில் தூவல் இல்லாதபோது நாம் அதைச் சேர்த்தால், புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறி, அட்டையின் சமதளம் மணல் ஓடுவதுபோல் தெரியும், கோப்பும் பெரிதாகும்.

ஏற்றுமதிச் சாளரத்தில் `As animation`, `Loop forever` இரண்டையும் குறியிடுங்கள். `Use delay entered above for all frames` என்பதைக் குறியிடவே கூடாது. அது லேயர் பெயர்களில் உள்ள எல்லா நேரத்தையும் ஒதுக்கிவிட்டு, ஒரே அளவை எல்லா ஃபிரேமுக்கும் எழுதிவிடும். இதுவரை செய்த கவனமான வேலை முழுவதையும் ஒரு சொடுக்கில் கெடுக்கக்கூடியது இது ஒன்றுதான்.

## 10. சுருக்கும் முன் ஒப்பிடுதல்

```
gifsicle -I old.gif | grep -o 'delay.*' > a.txt
gifsicle -I new.gif | grep -o 'delay.*' > b.txt
diff a.txt b.txt
```

கடைசிக் கட்டளை எதையும் அச்சிடாவிட்டால் நேரங்கள் ஒன்றே. ஏதாவது ஒரு வரி வேறுபட்டால், அந்த ஃபிரேமின் பெயரை ஜிம்பில் சரிபாருங்கள். ஒரு வரி கூடுதலாக இருந்தால், எங்கோ ஓர் எழுத்து லேயர் இணைக்கப்படாமல் தனி ஃபிரேமாகியிருக்கிறது.

இதன் பிறகுதான் சுருக்க வேண்டும்.

```
gifsicle -O2 new.gif -o final.gif
```

சுருக்கும்போது எதுவும் மாறாத ஃபிரேம்களைக் கிஃப்சிக்கிள் முந்தையதோடு சேர்த்துவிடக்கூடும். 8, 9 இரண்டும் ஒரே படம் என்பதால், அவை ஒன்றாகி 1.28 நொடி என்று தெரிந்தால் அது பிழையல்ல. மொத்தம் இன்னும் 2.4 நொடிதானா என்று மட்டும் பாருங்கள். சுருக்கியபின் ஒப்பிட்டால் இந்த இணைப்பு பிழைபோலத் தோன்றிக் குழப்பும் என்பதால்தான் ஒப்பீட்டை முன்னால் வைத்தோம்.

`final.gif` கோப்பை உலாவியில் அதன் உண்மையான அளவில் ஓடவிட்டுப் பாருங்கள். ஜிம்பின் `Playback` சாளரம் ஒரு முன்னோட்டமே. பார்ப்பவர் படத்தைக் காண்பது உலாவியில். சொல் மறைந்தபின் பழைய எழுத்தின் நிழல் எங்காவது தெரிந்தால், நீக்கும்போது எடுத்த செவ்வகம் சிறியதாக இருந்திருக்கிறது; எழுத்தின் மென்விளிம்பு அதற்கு வெளியே தப்பியிருக்கும். 6-ஆம் படிக்குத் திரும்பிச் செவ்வகத்தைப் பெரிதாக்க வேண்டும்.

## 11. இந்த முறை செல்லாத இடங்கள்

சொல் நகரும் பொருளின்மேல் இருந்தால், பின்புலத் துண்டும் எழுத்தும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தப் பொருளோடு நகர வேண்டும். நேர்கோட்டில் நகர்ந்தால், ஏதாவது ஒரு மூலையின் ஆயத்தை ஃபிரேம்தோறும் குறித்துக்கொண்டு, அதே வித்தியாசத்தில் எழுத்தை வைக்கலாம். பத்துப் பதினைந்து ஃபிரேம் வரை பொறுமையோடு செய்ய முடியும். கேமராவே அசையும் காட்சியில், அல்லது சொல் சுழன்றும் பெரிதாகியும் வரும் காட்சியில், இந்த வழியில் செல்லாதீர்கள். அங்கே காணொளித் திருத்த மென்பொருளில் அசைவைப் பின்தொடரும் வசதியைக் கொண்டு சொல்லை மாற்றிவிட்டு, பிறகு ஜிஃப்பாக எடுப்பதே குறைந்த வேலை. அப்படிச் செய்யும்போது ஃபிரேம்களெல்லாம் சம இடைவெளிக்கு வந்துவிடும் என்பதால், 2-ஆம் படியில் குறித்த மொத்த நேரத்தை மட்டுமே மூலத்தோடு ஒத்துப் பார்க்க முடியும்.